"கைண்ட்லி டு த நீட்ஃபுல்" எழுதினா என்ன குறை?

பம்பலப்பிட்டி_பெடியன்
எங்கட டீம் லீட் இண்டைக்கு மீட்டிங்கில எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார், வெளிநாட்டு கிளையண்டுக்குப் போற மெயிலில இனிமே 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்', 'ரிவர்ட்' ரெண்டும் வரக்கூடாதாம். அப்ப இவ்வளவு நாளும் எழுதினது பிழையான இங்கிலீஷா? அதுக்குப் பதிலா என்னத்த எழுதுறது?

ஷோர்ட்கட்_சுதன்
இதெல்லாம் ஒரு பிரச்சினையா மச்சான். நீட்ஃபுல் வாற இடமெல்லாம் 'ப்ளீஸ் டேக் த நெசசரி அக்ஷன்' எண்டு போடு, ரிவர்ட்டுக்கு 'ரிப்ளை', அட் த ஏர்லியஸ்டுக்கு 'ஏஎஸ்ஏபி'. நான் அவுட்லுக்கில ஓட்டோகரெக்ட் போட்டு வச்சிருக்கிறன், கை பழக்கத்தில பழசை அடிச்சாலும் அது மாத்திக்கொள்ளும். ரெண்டு நிமிச வேலை.

பழைய_கிளாக்கர்
தம்பி, பிழையான இங்கிலீஷ் எண்டு யார் சொன்னது? 19ம் நூற்றாண்டில வெள்ளைக்காரனே இப்பிடித்தான் கடிதம் எழுதினவன், அவன்ட கந்தோரில இருந்துதான் எங்கட கந்தோருக்கு வந்தது. அவன் விட்டிட்டான், நாங்கள் வச்சிருக்கிறம், அவ்வளவுதான். நான் 31 வருசம் அரச வேலை பாத்தனான், ஒரு நாளும் ஒருத்தரும் அந்த வசனம் விளங்கேல்ல எண்டு ஃபைலைத் திருப்பி அனுப்பினதில்ல. உங்கட டீம் லீட்டுக்குத்தான் பழசெண்டா வெக்கம் போல.

கொட்டாஞ்சேனை_அக்கா
ஐயா சொல்லுற சரித்திரம் சரி, அது பிழையான இங்கிலீஷ் இல்ல. ஆனா உங்கட கந்தோரில விளங்கினதுக்குக் காரணம் வசனம் இல்ல, ஃபைல். ஃபைலுக்குள்ள விண்ணப்பம் இருக்கும், அதில யாற்ற கையொப்பம் விடுபட்டிருக்கெண்டு பாத்தாலே தெரியும், வாங்கிறவருக்கு அடுத்து என்ன செய்யோணும் எண்டு 20 வருசமாத் தெரியும். நீட்ஃபுல் எண்டா 'உமக்குத் தெரிஞ்சதைச் செய்யும்', அவ்வளவுதான். மெல்பேர்னில இருக்கிற ஆளுக்கு அந்த ஃபைல் இல்லையே.

எங்கட ஒபிஸில நடந்த கதை ஒண்டு சொல்லுறன், பேர் வேண்டாம். ஜூலை மாசம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு கிளையண்டின்ட பேமெண்ட் பக்கத்தின்ட புது வேர்ஷனை லைவ் ஆக்கிப்போட்டு எங்கட பெடியன் மெயில் போட்டவன். புதுசு லைவ்வில இருக்கு எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ 'கைண்ட்லி செக் த பேமெண்ட் பேஜ், டு த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் அட் த ஏர்லியஸ்ட்'. மெல்பேர்னில அப்ப இரவு 8:30. ஒன்கோலில இருந்த பிள்ளை வாசிக்குது. எங்களுக்கு ரிவர்ட் எண்டா பதில் போடுறது. ஆனா அந்தப் பிள்ளை நாள் முழுக்க கோடோட நிக்கிற ஆள், அதுக்கு ரிவர்ட் எண்டா இதுதான்:

```
git revert 4f2a91c
```

போட்ட மாற்றத்தை அப்பிடியே திருப்பி எடுக்கிற கமாண்ட். 'ஏதோ பிழைச்சுப்போச்சு, கெதியாத் திருப்பச் சொல்லுறாங்கள்' எண்டு நினைச்சு பழைய வேர்ஷனைத் திரும்ப ஏத்திப்போட்டு, 'டன்!' எண்டு ஒரு சொல்லில பதிலும் போட்டிட்டுது. எங்கட பெடியன் அந்த டன்னைப் பாத்து டெஸ்ட் பாஸ் எண்டு சந்தோசமா வீட்ட போயிட்டான். வெள்ளிக்கிழமை காலமை கிளையண்டின்ட டிஸ்கவுண்ட் ஓஃபர் தொடங்குது, பக்கத்தில பழைய விலை. என்ன நடந்ததெண்டு கண்டுபிடிக்க அரை நாள் போச்சு, கடைசியில கொமிட் லிஸ்டில `Revert` எண்டு தொடங்கிற ஒரு வரியைப் பாத்த பிறகுதான் எல்லாருக்கும் உறைச்சது.

சுதன், உங்கட ஓட்டோகரெக்ட் இந்த மெயிலில ரிவர்ட்டைக் காப்பாத்தியிருக்கும், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா நெசசரி அக்ஷன் எண்டு வந்திருந்தாலும் 'எந்த அக்ஷன்?' எண்ட கேள்வி அப்பிடியே நிக்குது. சட்டை மாத்தினா ஆள் மாறுமா?

ஷோர்ட்கட்_சுதன்
அது அந்தப் பிள்ளையின்ட அவசரம் அக்கா. ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சுது.

தெமட்டகொட_ரியாஸ்
நான் வேற பக்கத்தால கேக்கிறன். ஏன் எப்பவும் நாங்களே மாறணும்? எங்கட அவுஸ்திரேலியாக்காரன் 'திஸ் ஆர்வோ' எண்டு எழுதுறான், அது பின்னேரமாம், நான் கூகிள்ல தேடித்தான் கண்டுபிடிச்சேன். 'நோ டிராமாஸ்' எண்டு எழுதினா நாங்க சிரிச்சிட்டு விடுறம். அவன் எழுதினா ஸ்டைல், நாங்க எழுதினா பழைய கந்தோர் பாஷை. க்ளோபல் டீம் எண்டா ரெண்டு பக்கமும் வளையணும் தானே.

பழைய_கிளாக்கர்
அப்பிடிக் கேளும் தம்பி!

கொட்டாஞ்சேனை_அக்கா
ரியாஸ் சொல்லுறதில நியாயம் இருக்கு, ஆர்வோ எண்டு எழுதுறவைக்கும் நான் இதையேதான் சொல்லுவன். ஆனா எங்கட மெயில் த்ரெட்டில அவுஸ்திரேலியாக்காரர் மட்டும் இல்லையே, போலந்தில ரெண்டு பேர், ஹோ சி மின்னில ஒரு டெஸ்டர். அவை எல்லாரும் இங்கிலீஷைப் பாடமாப் படிச்சு வந்த ஆக்கள், அவைட புத்தகத்தில நீட்ஃபுல்லும் இல்ல ஆர்வோவும் இல்ல.

இன்னொண்டு, ஏன் எங்களுக்கு கைண்ட்லி இல்லாம கை வருகுதில்ல எண்டு யோசிச்சிருக்கிறியளா? தமிழில மரியாதை வினையின்ட வாலில இருக்கு. 'பாத்துச் சொல்லுங்கோ' எண்டா அந்த 'ங்கோ'விலயே எல்லாம் முடிஞ்சுது. இங்கிலீஷில 'செக்' எண்டு எழுதினா 'பார்டா' எண்டு சொன்ன மாதிரி எங்கட காதுக்குக் கேக்குது, அந்தக் குறையை நிரப்பத்தான் முன்னால கைண்ட்லியைக் கொண்டுவந்து வைக்கிறம். அவை மரியாதையைக் கேள்வியில வைக்கினம், 'குட் யூ செக்' எண்டு. 'பாத்துச் செய்யுங்கோ' எண்டு மேசனுக்குச் சொல்லுறமே, நீட்ஃபுல் எண்டா அச்சா அதுதான். மேசன் வீட்டைப் பாத்திருக்கிறார், அதால விளங்குது. வீட்டைப் பாக்காத ஆளுக்கு ஃபோனில 'பாத்துச் செய்யுங்கோ' எண்டா என்ன செய்வார்?

மழைக்கால_அம்மா
இது எனக்கு நல்லா உதவும். மகன்ட ஸ்கூலுக்குத் தமிழில ஒரு கடிதம் குடுக்கணும், இடம் மாறினதால பஸ் ரூட் மாத்திக் கேக்கிறதுக்கு. கடைசியில 'ஆவன செய்யுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்' எண்டு எழுதியிருக்கன். அதை எடுக்கணுமா?

கொட்டாஞ்சேனை_அக்கா
இல்லையம்மா, அதை எடுக்காதேங்கோ, இங்க கதைக்கிறது வெளிநாட்டு மெயில். ஆனா அந்த வரிக்கு மேல எந்த ரூட்டில இருந்து எந்த ரூட்டுக்கு, எந்தத் திகதியில இருந்து எண்டு எழுதியிருக்கிறியளா எண்டு ஒருக்கா பாருங்கோ.

மழைக்கால_அம்மா
திகதி எழுதல்ல 😅

பழைய_கிளாக்கர்
பிள்ளை, மேசன் உதாரணம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு விசயம் உங்களுக்குப் பிடிபடேல்ல. நாங்கள் பட்டும்படாமலும் எழுதினது தெரியாமல் இல்ல. மேலதிகாரிக்கு 'இந்தக் கையொப்பத்தை வியாழனுக்குள்ள வையுங்கோ' எண்டு ஒரு கிளாக்கர் எழுதேலுமா? அவருக்கு வேற வழி தெரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாத சுற்றறிக்கை ஒண்டு இருக்கும். 'உரியதைச் செய்யுங்கோ' எண்டா முடிவு அவற்ற கையில. அது மரியாதை மட்டும் இல்ல, என்ர பாதுகாப்பும் கூட. நான் சொன்னதைச் செய்து பிழைச்சா யாற்ற தலை உருளும்?

கொட்டாஞ்சேனை_அக்கா
இது நல்ல பொயிண்ட் ஐயா, இதுக்கு என்னட்ட முழுப் பதில் இல்ல. எனக்குத் தெரிஞ்ச வழி, என்ன செய்யோணும் எண்டு சொல்லாம என்ன நடக்கோணும் எண்டு சொல்லுறது. 'சேர்வர் சேர்டிபிகேட் 14ம் திகதி முடியுது, அதுக்கு முதல் புதுசு ஏறாட்டி பக்கம் திறபடாது, எப்பிடிச் செய்யிறதெண்டு நீங்கள் முடிவெடுங்கோ.' முடிவு அவற்ற கையிலதான், ஆனா எதைப் பற்றின முடிவெண்டு தெரியுது. பாதுகாப்பு விசயத்தில மட்டும் நீங்கள் சொல்லுறதை மறுக்கேலாது, தெளிவா எழுதினா பிழைக்கேக்க எங்கட பேர்தான் மெயிலில நிக்கும்.

ஷோர்ட்கட்_சுதன்
சரி சரி, வேலை என்னெண்டு எழுதிப்போட்டு கடைசியில 'பை ஈஓடி' போட்டா காணும்தானே. நாள் முடியிறதுக்குள்ள.

தெமட்டகொட_ரியாஸ்
யாருட நாள் மச்சான்? 😂 கொழும்பு 5 மணிக்கு மெல்பேர்ன்ல இரவு 9:30. அதுவும் ஜூலையில. அவனுகள் ஒக்டோபர்ல மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினா 10:30. நம்மட மணிக்கூடு வருசம் முழுக்க ஒரே இடம், அதால நாங்க அதை யோசிக்கிறதே இல்ல. நான் இப்ப அவனுட டைமையே எழுதுறது, ஊர் பேரும் சேத்து. ஏன் எப்பவும் நாங்களே மாறணும் எண்டு மேல கேட்டது நான்தான், தெரியும்.

பம்பலப்பிட்டி_பெடியன்
அக்கா, இண்டைக்கு நான் எழுதி வச்சிருந்த மெயில் இது: புது கார்ட் ஃபோர்ம் லைவ் ஆச்சு, கைண்ட்லி செக் அண்ட் டு த நீட்ஃபுல். இதை இப்பிடி மாத்தியிருக்கிறன்: 'த நியூ கார்ட் ஃபோர்ம் இஸ் லைவ். குட் யூ மேக் வன் டெஸ்ட் பேமெண்ட் வித் விசா அண்ட் வன் வித் மாஸ்டர்கார்ட், அண்ட் டெல் மீ இஃப் போத் கோ த்ரூ, பை 11 ஏஎம் ஃப்ரைடே மெல்பேர்ன் டைம்?' அளவுக்கு மிஞ்சி அதிகாரம் பண்ணுற மாதிரி இருக்கா?

கொட்டாஞ்சேனை_அக்கா
இல்ல, நல்லா இருக்கு. ரெண்டு விசயம். மெயில் நாலு பேருக்குப் போகுதெண்டா தொடக்கத்தில ஒராளின்ட பேரைப் போடுங்கோ, இல்லாட்டி நாலு பேரும் மற்ற மூண்டு பேரைப் பாத்துக்கொண்டு இருப்பினம். மற்றது, ஃபெயில் ஆனா என்ன செய்யோணும் எண்டும் ஒரு வரி: 'இஃப் ஐதர் வன் ஃபெயில்ஸ், ப்ளீஸ் லீவ் த ஃபோர்ம் அஸ் இட் இஸ் அண்ட் கோல் மீ'. எங்கட கதையில அந்த ஒரு வரி இருந்திருந்தா அந்தப் பிள்ளை கையே வச்சிருக்காது.

பழைய_கிளாக்கர்
நான் பாத்தன், கைண்ட்லியும் போயிட்டுது. அது என்ன பாவம் செய்தது?

தெமட்டகொட_ரியாஸ்
அங்கிள், 'உங்க பாங்க் எக்கவுண்ட் லொக் ஆயிட்டு, கைண்ட்லி க்ளிக்' எண்டு வாற கள்ள மெயில் எல்லாத்திலயும் அதுதான் இருக்கு. அதைப் பாத்தாலே சிலருக்கு சந்தேகம்.

கொட்டாஞ்சேனை_அக்கா
நான் அவ்வளவு தூரம் போகமாட்டன். தனிய ஒரு கைண்ட்லி யாரையும் குழப்பாது, எங்கட ஒபிஸ் மெயிலில இன்னும் இருக்கு, நான் வெட்டுறதில்ல. சிலருக்கு அது கண்டிச்சுச் சொல்லுற மாதிரிக் கேக்குது எண்டு எங்கட லண்டன் ஆள் ஒருத்தர் சொன்னவர், இன்னொருத்தர் அப்பிடி இல்லையெண்டவர்.

பம்பலப்பிட்டி_பெடியன்
பேர் போட்டு அனுப்பினன், பதில் வந்திட்டுது. விசாவும் மாஸ்டர்கார்டும் ஓகேயாம். கீழ ஒரு கேள்வி, சிங்கப்பூர் பக்கத்தை யார் டெஸ்ட் பண்ணுறது எண்டு. சிங்கப்பூருக்குத் தனிய ஒரு பக்கம் இருக்கிறதையே நான் மறந்துபோனன் 🤦