புதுப்பிப்பு: லோக்கம் டாக்டருக்கான ஒப்படைப்புக் குறிப்பு

முன்பு கேட்டது: "இங்கிலாந்தில் எங்கள் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவக் கிளினிக்கிற்கு, வேறு டாக்டருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வரும் லோக்கம் டாக்டருக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். எதை முன்னால் வைப்பது?"

இப்போது இரண்டே பக்கம். கதவுப் பூட்டு எண், பிரிண்டர் தொல்லை எல்லாம் வரவேற்பாளர் சொல்லிக்கொள்வார்.

முதல் இடம், என் கேள்விக்குப் பதில் எழுதிய மருந்தாளர் அக்கா சொன்னதற்கு. மருத்துவமனை நேரடியாகத் தரும் மருந்து நம் மருந்துப் பட்டியலில் இல்லாமல் போகலாம். மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் சிறுநீர்த் தொற்றோடு வருகிறார் என்று வையுங்கள். பட்டியலை நம்பி லோக்கம் டிரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிவிடுவார். இரண்டுமே, ரத்த அணு உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை. சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணு உற்பத்தியையே குறைத்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாமல் தோல் கன்றுவது என்று எது தெரிந்தாலும் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அதனால் இத்தகைய மருந்துகளை 'மருத்துவமனை மட்டும்' என்ற குறிப்போடு பட்டியலில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

"மாதாமாதம் ரத்தப் பரிசோதனை நடந்தால் போதுமே" என்றார் ஒரு நண்பர். பாதி சரி. இரண்டு பரிசோதனைக்கு நடுவிலும் அணுக்கள் சரியலாம். அதோடு, லோக்கம் கேட்ட பரிசோதனையின் முடிவு, அவர் போன பிறகும் அவர் பெயருக்கே வந்து கிடக்கும். ஆகவே அன்றைய பொறுப்பு டாக்டர் யார், அவருடைய நேரடி எண் என்ன என்பது மேலேயே இருக்கிறது.



வெள்ளி மாலை கிளினிக் மூடும் நேரத்தில் ஆய்வகம், ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு எகிறியிருக்கிறது என்று அழைத்தால் யார் எடுப்பது? பார்ட்னர்களுக்குள் இன்னும் இழுபறிதான்.