தூங்கும்போது மட்டும் விரல் சூப்பும் மகள்: என்ன செய்யலாம்?

என் மகளுக்கு மூன்றரை வயது. பகலில் விளையாடும்போது கை வாய்க்குப் போவதே இல்லை. ஆனால் இரவு விளக்கை அணைத்ததும் இடது கட்டைவிரல் உள்ளே போய்விடும், பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள்.

பல் மருத்துவரிடம் காட்டினோம். பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள், இப்போதைக்குப் பயமில்லை என்றார். கடைவாய்ப் பற்களைக் கடிக்கச் சொல்லி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொன்னார். விரல் சும்மா வாயில் கிடந்தால் பாதிப்பு குறைவாம். ‘சப் சப்’ என்று இழுத்துச் சூப்பினால்தான் பல் முன்னே தள்ளுமாம். இவள் இழுத்துச் சூப்புகிற ரகம், விரல் கணுவில் தோல்கூடத் தடித்திருக்கிறது. ஆறு வயதில் நிலையான முன்பற்கள் முளைப்பதற்குள் நிறுத்தினால் போதும் என்கிறார்.

மாமியார் வேப்பெண்ணெய் தடவினார். அன்று இரவு பதினொன்றரை வரை அழுகைதான், அப்புறம் வலது கட்டைவிரல்! அதோடு அதை விட்டுவிட்டோம்.

இப்போது அவள் அசந்து தூங்கியதும் விரலை மெதுவாக எடுத்துவிடுகிறேன். கட்டிக்கொள்ள என் பழைய பருத்திப் புடவைத் துண்டைக் கொடுக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அதைப் பிடித்தபடியே தூங்குகிறாள், மற்ற நாட்களில் ஒரு கையில் துணி, வாயில் விரல்.

கைக்குப் பருத்தி உறை மாட்டிப் பார்த்தவர்கள் உண்டா? குழந்தையே சம்மதித்துப் போட்டுக்கொண்டதா? துணிக்கு மாற எத்தனை நாள் பிடித்தது?