மீட்டர்ல பொருந்துது, மேடையில பொருந்தல: தோல் நிறத்துல யாரை நம்பறது?

மணமேடை_ஒப்பனை
மணப்பெண் கன்னத்துல கலரிமீட்டர் வச்சா வெளிச்சம் L* 52, சிவப்பு a* 11, மஞ்சள் b* 18. அதுக்குன்னு கலந்த ஃபவுண்டேஷனை வெள்ளை அட்டையில தடவி அளந்தா 52.3, 10.6, 18.5. ஜன்னல் வெளிச்சத்துல கச்சிதமா இருக்கு. மண்டபத்து மேடையில அரக்குப் பட்டோட நின்னா முகம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி தெரியுது, கழுத்து வேற நிறம். மீட்டர் தப்பா, கண்ணு தப்பா?

லேப்டிப்_திருப்பூர்
மீட்டர் தப்பே இல்லீங்க. உங்க ரெண்டு அளவுக்கும் நடுவுல வித்தியாசம் 0.7 தான் வருது. சாயம் போட்ட துணியில 1-க்குக் கீழ இருந்தா வாங்கற கம்பெனியே கேள்வி கேக்காம பாஸ் பண்ணிடுவாங்க. எண் எங்க போனாலும் மாறாது, மாறறது பாக்கறவங்க கண்ணு. மேடையில தெரியறது வெறும் கண் மயக்கம், அதுக்காகக் கலவையை மாத்தாதீங்க.

நிறமாலை
0.7 சரி. ஆனால் அந்த 0.7 எந்த வெளிச்சத்தில்? கலரிமீட்டர் தன் விளக்கைத் தானே எரித்துக்கொள்கிறது, வெளி வெளிச்சம் உள்ளே வராதபடி தோலோடு ஒட்டி அளக்கிறது. மண்டபத்து விளக்கு அதற்குத் தெரியவே தெரியாது. "இந்த இரண்டும் நிர்ணயித்த ஒரு பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும்" என்பதுதான் அது சொன்ன பதில். அதுவும் உண்மையாகிவிட்டது, ஜன்னலோரம் பொருந்தியதே.

தோலின் சிவப்பு ரத்தத்திலிருந்து வருகிறது. ரத்தம் 540, 577 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கிப் பிரதிபலிப்பு வளைவில் இரண்டு பள்ளம் போடும், 590 தாண்டியதும் பிரதிபலிப்பு சட்டென்று ஏறும். ஃபவுண்டேஷனின் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு. அதில் அந்த இரண்டு பள்ளம் கிடையாது. இரண்டு வேறு வளைவுகள் ஒரு விளக்கில் ஒரே மூன்று எண்ணாகச் சுருங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். விளக்கு மாறினால் பிரிந்துவிடும். லேப்டிப், இது உங்கள் துணிச் சாயத் தொழிலில் தினம் பார்ப்பதுதானே?

லேப்டிப்_திருப்பூர்
மெட்டாமெரிசம். லைட் பாக்ஸ்ல டி65 பகல் வெளிச்சத்துல ஒண்ணா இருக்கும், டிஎல்84 கடை டியூப்லைட் போட்டா ஒண்ணு சிவந்து நிக்கும். ஒத்துக்கறேங்க. அப்படின்னா அவங்க கலரிமீட்டரை விட்டுட்டு ஸ்பெக்ட்ரோ வாங்கணும். 400-லிருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் பத்துப் பத்தா 31 எண் குடுக்கும், எந்த லைட்டுல எவ்வளவு பிரியும்னு கணக்குப் போட்டே சொல்லிடலாம். அப்பவும் ஜெயிக்கறது மெஷின்தான், கண்ணு இல்ல.

நிறமாலை
விளக்கு, நிறமி இரண்டு விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. மண்டபத்து எல்இடி பெட்டியில் "சிஆர்ஐ 80" என்று போட்டிருப்பான். எட்டு மாதிரி நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி அது. ஆழ்ந்த சிவப்பான ஆர்9 அந்த எட்டில் சேராது. 80 போட்ட மலிவு விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். தோல் சிவந்து தெரிய வேண்டிய இடத்திலேயே விளக்கில் சரக்கு இல்லை. இது மயக்கம் அல்ல, கண்ணுக்கு வந்து சேரும் ஒளியே வேறு.

சாம்பலுக்கு இன்னொரு பெரிய காரணம் கேள்வியிலேயே இருக்கிறது: வெள்ளை அட்டை. அதில் தடவி அளந்தது கெட்டியான படலம். முகத்தில் பூசுவது அதைவிடப் பலமடங்கு மெல்லியது, அடியில் இருப்பதும் வெள்ளை அல்ல. ஃபவுண்டேஷனில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, கருத்த தளத்தின் மேல் மெலிதாகப் படிந்தால் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். தண்ணீர் கலந்த பால் டம்ளர் ஓரத்தில் நீலம் பாய்ந்து தெரியுமே, அதேதான். மஞ்சளான ஜன்னல் வெயிலில் இது அடங்கிக் கிடக்கும், நீலம் தூக்கலான எல்இடியில் சாம்பலாக மேலே வரும். தாடையோரம் பூசி, காயவிட்டு, அங்கேயே அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

மணமேடை_ஒப்பனை
தாடையில அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு எண் வருதே. L* 52, உடனே 54.

நிறமாலை
அழுத்துகிறீர்கள். முனையை அழுத்தினால் அடியிலிருக்கும் ரத்தம் விலகும். L* ஏறும், a* இறங்கும். எடுத்தவுடன் தோலில் வெளுத்த வட்டம் தெரிந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள். முனை தோலில் படிந்தால் போதும், எடை ஏறக்கூடாது. துடைத்தவுடன், தேய்த்தவுடன் அளக்காதீர்கள், பத்து நிமிடம் விடுங்கள். ஒரே இடத்தில் எடுத்து எடுத்து வைத்து மூன்று முறை அளந்து சராசரி போடுங்கள். அதற்கு முன் மீட்டரோடு வரும் வெள்ளை வில்லையில் வைத்து அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

L*-இல் வந்த இந்த 2 எண் வித்தியாசம் சின்ன விஷயமும் இல்லை. தோல் ஆய்வில் L*, b* இரண்டையும் வைத்து ஒரு கோணம் கணக்கிடுவார்கள்:

```
ITA = arctan((L* - 50) / b*) × 180 / π
```

b* 18 என்று வைத்தால் 52-க்கு 6.3 பாகை வருகிறது, அது "பழுப்பு" வகை. 54 என்றால் 12.5, "வெயிலில் கருத்தது" என்ற அடுத்த வகைக்குத் தாவிவிடும். எல்லை 10 பாகையில். கை கொஞ்சம் அழுத்தியதில் ஒருவருக்கு வகையே மாறிவிட்டது. இதைத்தான் புறவயமான எண் என்கிறோம்.

கோவை_அக்கா
மாநிறப் பொண்ணுக்கு எந்த நம்பர் ஷேடு போட்டா நல்லா கலரா தெரியும்னு யாராச்சும் சொல்லுங்களேன். நிச்சயதார்த்த போட்டோல என் பொண்ணு முகம் தனியா, கை தனியா இருந்துச்சு.

மணமேடை_ஒப்பனை
அக்கா, கேள்வி அது இல்ல. ஆனா உங்க போட்டோல ஆனது இதேதான். ரெண்டு ஷேடு ஏத்திப் போட்டா பக்கத்துல இருக்கற கையும் கழுத்தும் இன்னும் கருத்துத் தெரியும். கழுத்து நிறத்துக்குப் போடச் சொல்லுங்க.

ஃபிளாஷ்_ரவி
எல்லாரும் புடவையை மறந்துட்டீங்க. அரக்குப் பட்டு சிவப்பு வெளிச்சத்தை மேல அடிக்கும், தாடை சிவக்கும். கேமராவுல வைட் பேலன்ஸ் சரி பண்ணினா முடிஞ்சுது.

நிறமாலை
பாதி சரி ரவி. புடவை இரண்டு எதிரெதிர் வேலை செய்கிறது. பட்டில் பட்டுத் தெறிக்கும் சிவப்பு தாடையைச் சிவக்க வைக்கும், அது உண்மையான ஒளி, கேமராவும் பிடிக்கும். ஆனால் ஒரு நிறத்தைச் சுற்றி அழுத்தமான சிவப்பு இருந்தால், கண் அந்த நிறத்திலிருந்து சிவப்பைக் கழித்துவிடும். முகம் பச்சை கலந்த சாம்பலாகத் தெரியும். பிரான்ஸில் கோபெலின் திரைச்சீலைப் பட்டறையின் சாயப் பிரிவில் இருந்த செவ்ரொல் 1839-லேயே இதை எழுதிவிட்டார். கருப்புச் சாயம் மங்கல் என்று வந்த புகாருக்குக் காரணம் சாயம் அல்ல, பக்கத்தில் நெய்த நிறங்கள் என்று கண்டார். இதை ஒட்டி அளக்கும் மீட்டரும் பிடிக்காது, கேமராவும் பிடிக்காது. வைட் பேலன்ஸ் இதைத் தொடவே முடியாது.

எது எவ்வளவு என்று மேடையிலேயே பிரித்துப் பார்க்கலாம். நடுத்தர சாம்பல் நிற அட்டையில் இரண்டு செ.மீ. அகலத்தில் இரண்டு ஓட்டை போடுங்கள். முகத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, நிழல் விழாமல் பிடித்து, ஒன்றில் பூசிய தாடையும் மற்றதில் பூசாத கழுத்தும் மட்டும் தெரியும்படி பாருங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் குற்றவாளி சுற்றியிருக்கும் நிறம்தான். மறையாவிட்டால் புடவை மேல் சாம்பல் துணி போர்த்தி மறுபடி பாருங்கள். இப்போது மாறினால் பட்டிலிருந்து தெறித்த ஒளி. அப்போதும் மாறாவிட்டால் விளக்கும் படலமும்தான் காரணம், கலவையை மாற்றியே ஆக வேண்டும்.

லேப்டிப்_திருப்பூர்
ஓட்டை வழியா பாத்து சரியா இருந்தா அதுதானுங்களே உண்மை? நான் முதல்லயே சொன்னது.

நிறமாலை
கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாரும் ஓட்டை அட்டையோடு வரமாட்டார்கள். புடவையோடுதான் பார்ப்பார்கள்.

வாசகி_87
பார்க்கிறவர் யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நகரங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்து மார்க் ஹில் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கறுப்பினத்தவரின் தோலை, கறுப்பின நேர்காணலாளர்கள் குறித்ததைவிடக் கருமையாக வெள்ளை நேர்காணலாளர்கள் குறித்திருந்தார்கள். வெள்ளையரின் தோலைக் குறிக்கும்போது இது அப்படியே திரும்பியது, கறுப்பின நேர்காணலாளர்களுக்கு அது இன்னும் வெளுப்பு. பழகிய முகங்களுக்குள் நுணுக்கம் தெரிகிறது, பழகாததைக் கண் ஓரத்துக்குத் தள்ளுகிறது.

லேப்டிப்_திருப்பூர்
அது கண்ணு இல்லீங்க, வாய். படிவத்துல எந்தக் கட்டத்துல டிக் போடறாங்கங்கறது வேற, என்ன தெரியுதுங்கறது வேற. நம்ம ஊர்லயே ஒருத்தருக்கு மாநிறம், இன்னொருத்தருக்குக் கருப்பு. வார்த்தை மாறுது, வேற எதுவும் மாறல.

வாசகி_87
வார்த்தையே இல்லாத சோதனையும் உண்டு. 2006-இல் லெவினும் பானாஜியும் சராசரி வெளிச்சம் சமமாக்கிய முகப் படங்களைக் கொடுத்து, ஒரு சாம்பல் கட்டத்தை அந்த முகத்தின் அளவுக்குச் சரிசெய்யச் சொன்னார்கள். கறுப்பின முகத்துக்குக் கட்டத்தை இன்னும் கருமையாக வைத்தார்கள். வாய்க்கு அங்கே வேலை இல்லை.

நிறமாலை
அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. ஃபயர்ஸ்டோனும் ஷோலும் அந்தப் படங்களை இனம் புரியாத அளவுக்கு மங்கலாக்கிக் காட்டினார்கள். இரண்டும் ஒரே இனம் என்று சொன்னவர்களுக்கும் ஒன்று கருமையாகவே தெரிந்தது. அப்படியானால் காரணம் இன எண்ணம் அல்ல, நிழல் விழுந்த விதமாக இருக்கலாம். மங்கலாக்கிய பிறகும் இனத் தடயம் மிஞ்சுகிறது என்று லெவின் தரப்பு பதில் சொன்னது. ஹில் சொன்ன விஷயத்தை நான் நம்புகிறேன், ஆனால் லேப்டிப் கேட்ட "கண்ணா, வாயா" என்ற கேள்வி நியாயமானது. அது இன்னும் முடியவில்லை.

ஃபிளாஷ்_ரவி
வார்த்தைன்னதும் ஒண்ணு. வெளுத்த தோலை நாம ஏன் "செவப்பு"ங்கறோம்? வெள்ளைன்னு சொல்றதில்லையே?

நிறமாலை
ஜப்பானியப் பார்வையாளர்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஒரே L* உள்ள முகங்களில் மஞ்சள் சாய்ந்ததைவிடச் சிவப்புச் சாய்ந்தது வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. நம் சொல் அதிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பனைக்கு உதவும்: சாம்பல் அடித்தால் வெளிர் ஷேடுக்குத் தாவாதீர்கள், L* அப்படியே இருக்கட்டும், சிவப்பையும் மஞ்சளையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

மணமேடை_ஒப்பனை
அட்டையில ஓட்டை போட்டுப் பாத்தேன். வித்தியாசம் பாதி குறைஞ்சுது, முழுசா போகல. சாம்பல் துணி போர்த்தினா தாடை சிவப்பு கொஞ்சம் இறங்கி இன்னும் சாம்பலா ஆயிடுச்சு.

நிறமாலை
அப்போது பட்டுத் தெறிப்பு உங்களுக்கு உதவிக்கொண்டிருந்திருக்கிறது. மிச்சம் விளக்கும் படலமும். டைட்டானியம் குறைந்த கலவையைத் தாடையில் பூசி, அந்த மண்டபத்து விளக்கின் கீழேயே பாருங்கள்.

லேப்டிப்_திருப்பூர்
பாத்துட்டு எண்ணையும் போடுங்க மேடம். தாடையில, அழுத்தாம.