மடற்குழு: "போனஸ் ஷேர்" தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு

வணக்கம். பட்டர்வர்த் சித்திக்கு அவர் ஷேர் வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான்கு ஷேருக்கு ஒரு போனஸ் ஷேர், பிறகு ஷேருக்கு 6 சென் டிவிடெண்ட். சித்தியிடம் 1,300 ஷேர். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் பத்துப் பேருக்கு இதையே விளக்கப் போகிறேன். தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். டிவிடெண்டுக்கு ஈவுத்தொகை என்றும், போனஸ் ஷேருக்கு ஊக்கப் பங்கு என்றும் எழுதியிருக்கிறேன். சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

அம்மா, ஈவு வேண்டாம். ஈ, தா, கொடு மூன்றும் இரப்போர் சொல் என்கிறது தொல்காப்பியம். அதிலும் ஈ தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது, தா ஒத்தவனிடம், கொடு உயர்ந்தவன் கேட்பது. பங்குதாரர் கம்பெனிக்கு உடைமைக்காரர். அவர் ஏன் ஈ என்று கையேந்த வேண்டும்? 'பங்காதாயம்' என்று எழுதுங்கள்.

கணக்காளர், கோலாலம்பூர்

வாத்தியார் ஐயா, தமிழ்ப்பள்ளிக் கணக்கில் 12ஐ 3ஆல் வகுத்தால் 4 ஈவு. வகுத்தபின் ஒவ்வொருவர் கைக்கும் வருவது அதுதான். ஆங்கிலச் சொல்லோ கணக்கில் வகுபடும் எண்ணைக் குறிக்கிறது. நம் சொல்லே பொருத்தம். பங்காதாயம் என்றால் ஷேரை விற்றுக் கிடைத்த லாபம் என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள்.

என் தகராறு ஊக்கப் பங்கோடு. யாருக்கு இங்கே ஊக்கம்?

கடைக்காரர், கிள்ளான்

எங்க அப்பாவுக்குத் தோட்டத்துல வருஷ போனஸ் கொடுப்பாங்க, அதுபோலத்தானே? சும்மா 325 ஷேர் கிடைக்குது, சித்திக்கு அதிர்ஷ்டம். கொசுறுப் பங்குன்னு வைங்க, எல்லாருக்கும் புரியும்.

கணக்காளர், கோலாலம்பூர்

அண்ணே, கொசுறைக் கடைக்காரர் தன் கூடையிலிருந்து போடுகிறார். இங்கே ஒரே தோசையை நாலுக்குப் பதில் ஐந்து துண்டாக வெட்டுகிறார்கள். முந்தின நாள் விலை 2.40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 1,300 ஷேர் 3,120 ரிங்கிட். எக்ஸ் தேதியில், அதாவது போனஸ் உரிமை இல்லாமல் ஷேர் கைமாறத் தொடங்கும் நாளில், தொடக்க அடிப்படை விலை 1.92 ஆகத் திருத்தப்படும். 1,625ஐ 1.92ஆல் பெருக்குங்கள், அதே 3,120. அதற்குப் பிறகு ஏறுவதும் இறங்குவதும் சந்தையின் பாடு.

தாளில் இதை அவசியம் போடுங்கள்: விலை முதலில் இறங்கும், புது ஷேர், நம் ஷேர்கள் பதிவாகியிருக்கும் சி.டி.எஸ். கணக்கில் ஓரிரு வர்த்தக நாள் கழித்துத்தான் ஏறும். இடைப்பட்ட நேரத்தில் கணக்கைத் திறந்தால் 2,496 ரிங்கிட்தான் தெரியும். 624 போச்சு என்று பயந்து விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கி ஊழியர், ஜார்ஜ்டவுன்

சரியாகச் சொன்னீர்கள். போனஸ் வெறும் காகிதம், டிவிடெண்ட்தான் நிஜக் காசு. சித்திக்கு 78 ரிங்கிட், அதனால் விலையும் குறையாது.

கணக்காளர், கோலாலம்பூர்

காசு என்பது சரி, மற்ற இரண்டும் இல்லை. 6 சென் கம்பெனியை விட்டு வெளியே போகிறது, ஆகவே டிவிடெண்டின் எக்ஸ் தேதியன்று விலையும் ஏறக்குறைய அவ்வளவு இறங்கப் பார்க்கும். 78 என்பது 1,300க்கான கணக்கு. மொழிபெயர்ப்பாளரே, யாருக்குச் சேரும் என்று தீர்மானிக்கும் உரிமைத் தேதிகள், போனஸுக்கு ஒன்றும் டிவிடெண்டுக்கு ஒன்றுமாக, கடிதத்தில் இரண்டு இருக்கும். எது முந்தியது?

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு

போனஸ் முந்தியது. டிவிடெண்ட் பதினெட்டு நாள் பிந்தி.

கணக்காளர், கோலாலம்பூர்

அப்படியானால், புது ஷேருக்கும் டிவிடெண்ட் உண்டு என்று கடிதம் சொல்கிறதா என்று பாருங்கள். உண்டென்றால் 1,625 ஷேருக்கு 97.50 ரிங்கிட். டிவிடெண்ட் தேதி முந்தியிருந்தால் 78தான். சொல்லை விட இந்த வரிசைதான் சித்திக்கு முக்கியம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

சொல்லும் முக்கியம்தான். வாழையின் பக்கக்கன்றைப் பாருங்கள். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, தாயின் சத்தையே பகிர்ந்து நிற்கிறது. 'கன்றுப் பங்கு' எனலாம். இலங்கையில் 'உபகாரப் பங்கு' என்கிறார்கள். உபகாரம் யாருக்கு என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கடைக்காரர், கிள்ளான்

கன்றுப் பங்குன்னா எங்க கடைக்கு வர்றவங்க மாட்டுல முதல் போட்டதா நினைப்பாங்க ஐயா.

மொழிபெயர்ப்பாளர், பினாங்கு

புது ஷேருக்கும் டிவிடெண்ட் உண்டு என்றே கடிதத்தில் இருக்கிறது. தாளில் 'ஈவுத்தொகை', 'போனஸ் பங்கு' என்று போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். தோசைக் கணக்கும் போட்டிருக்கிறேன்.

சித்தியின் கேள்வி ஒன்று பாக்கி: 1,625ல் அந்த 25ஐ விற்க முடியுமா?

கணக்காளர், கோலாலம்பூர்

சந்தையில் ஒரு லாட் 100 ஷேர். உதிரி 25ஐ உதிரிச் சந்தையில் விற்கலாம், வாங்க ஆள் குறைவு, விலையும் கொஞ்சம் மட்டம். 48 ரிங்கிட்டுக்கு விற்று, தரகருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் கட்டினால் கையில் நிற்பது சொற்பம். மறுபடி பங்கு வரும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

உதிரி! அழகான சொல். ஆனால் போனஸை நான் ஒப்பவில்லை. அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.