எண்ணூர் முகத்துவாரத்துக் கவிதையில் ஆறு எங்கே?

கழிமுகம்:
அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. எண்ணூர் கழியில் முப்பது வருடம் வீச்சுவலை போட்டவர். அவர் அஸ்தியைக் கரைத்த காலையை நினைத்து எழுதியது இது:

இன்று வானமும் அழுகிறது
கருத்த மேகம் என் துக்கம் சுமக்கிறது
ஆறு விம்மிக் கடலில் விழுகிறது
படகுகள் தலை குனிந்து நிற்கின்றன
கொக்கு ஒன்று, என்னைப் போலவே, தனியாக

படித்த நண்பர் ஒருவர், "எல்லாமே உன்னோடு சேர்ந்து அழுகிறது, சரி, இதில் ஆறு எங்கே?" என்று கேட்டார். துக்கத்தில் இருப்பவனுக்கு உலகம் அப்படித்தானே தெரியும்? இது தப்பா? தப்பென்றால் எப்படிச் சரி செய்வது?

தமிழாசிரியர்:
தம்பி, மனம் தளராதீர்கள். இது நம் மரபில் உள்ளதுதான், தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போகும்போது மதில்மேல் கொடிகள் 'வராதே' என்று கைகாட்டுவதுபோல் அசைந்தன என்று இளங்கோ பாடவில்லையா? நெய்தல் என்றாலே இரங்கல். நிலத்துக்கு ஓர் உணர்வு என்று வகுத்து வைத்தவர்கள் நாம். இயற்கைமேல் நம் உணர்ச்சியை ஏற்றுவது குற்றம் என்று வெளிநாட்டு விமர்சகர்கள் சொன்னதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வாடை:
ஐயா சொன்ன எடுத்துக்காட்டு சரியானது. அது நிரூபிப்பது வேறு. மதில்மேல் கொடி காற்றில் அசைவது நிஜம். யார் வந்தாலும் வராவிட்டாலும் அசையும். அந்த நிஜ அசைவின்மேல்தான் இளங்கோ தன் குறிப்பை ஏற்றுகிறார். 'போல்' என்ற சொல்லையும் மறைக்காமல் வைத்திருக்கிறார். முதலில் கொடி, அப்புறம்தான் குறிப்பு.

கழிமுகம் எழுதியதில் முதல் பாதி இல்லை. படகு தலை குனியுமா? கழியில் ஒற்றைக் கயிற்றில் கிடக்கும் படகு நீரோட்டம் வரும் பக்கம்தான் மூக்கைத் திருப்பும். கடல் தண்ணீர் உள்ளே ஏறினால் மூக்கு கடலைப் பார்க்கும். தண்ணீர் வற்றி வெளியே போனால் எல்லாப் படகும் அரைவட்டம் சுற்றி ஆற்றைப் பார்க்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். நாலு படகு ஒரே நேரத்தில் மெதுவாகத் திரும்புவதை நின்று பார்த்திருப்பீர்கள். 'தலை குனிந்து' என்று எழுதிய உடனே அது எல்லாம் போய்விட்டது. அந்த வரியைப் பல்லாவரம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோக்களுக்கும் மாற்றிப் போடலாம்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்தக் காலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா? மழை பெய்ததா?

ஒற்றியூர் வாசி:
எண்ணூரைப் பற்றி எழுதும்போது அழுகை எதற்கு? கழி ஏன் கருப்பாக இருக்கிறது என்று எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து படகு, வலை, சதுப்புச் செடி எல்லாவற்றிலும் ஒட்டியது. அதற்கு முன்பே பல வருடமாக அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழியின் ஆழம் குறைந்துவிட்டது. நிலைமையை வெளியில் சொல்லாத கவிதையால் என்ன பயன்?

வாடை:
தோழர், அவர் கேட்டது வேறு. ஆனாலும் நீங்கள் சொன்னது இங்கே பொருந்துகிறது. எண்ணூரில் 'கருத்த ஆறு' என்று எழுதினால் அதைப் படிக்கும் இந்தப் பக்கத்துக்காரர் எண்ணெயைத்தான் நினைப்பார். அந்தக் கருப்புக்குத் தனிக் காரணம் இருக்கிறது. அதைக் கவிஞரின் துக்கத்துக்கு வண்ணமாகக் கொடுத்துவிட்டால் காரணம் மறைந்து போகும்.

காசிமேட்டு அக்கா:
அதை நான் நேரில் பட்டிருக்கிறேன். ராயபுரம் கரையில் எங்கள் பெரியம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது கருங்கல்தான் கிடக்கிறது. சின்ன வயதில் நான் எழுதிய பாட்டில் 'கோபக்காரக் கடல் எங்கள் வீட்டைத் தின்றது, இப்போது கல்லில் தலைமோதி அழுகிறது' என்று வரும். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்தக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் எங்கள் பக்கம் கரைந்தது. கடல் கோபப்படவே இல்லை. மணல் வரவில்லை, அவ்வளவுதான். என் பாட்டு கடல்மேல் பழியைப் போட்டுவிட்டது.

ஆனால் ஒன்று. நாங்கள் 'கடலம்மா' என்றுதான் சொல்வோம். 'அம்மா இன்னிக்குச் சரியில்லை' என்று சொல்லித்தான் வலையை எடுத்து வைப்போம். அதையும் தப்பென்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாடை:
அக்கா, அது தப்பில்லை. 'அம்மா சரியில்லை' என்று நீங்கள் சொல்லும்போது அலையைப் பார்த்து, காற்றைப் பார்த்துச் சொல்கிறீர்கள். உங்கள் மனசு நன்றாக இருக்கும் நாளிலும் கடல் சரியில்லாமல் இருக்கும். அங்கே கடலுக்குத் தனி மனசு இருக்கிறது. இங்கே நாம் பேசுவது கடலுக்குத் தனி மனசே இல்லாமல் செய்யும் எழுத்தைப் பற்றி.

தமிழாசிரியர்:
நீங்கள் வளைத்துப் பேசுகிறீர்கள். குறுந்தொகை 163ஐ எடுங்கள். அம்மூவனார் பாட்டு, 'யார் அணங்குற்றனை கடலே' என்று தொடங்குவது. தூங்காத தலைவி கடலைப் பார்த்து, உன்னை யார் வருத்தினார், நடுராத்திரியிலும் உன் குரல் கேட்கிறதே என்கிறாள். கடல் அவளைப் போலவே தூங்கவில்லை. நீங்கள் குற்றம் என்பதே அங்கே கவிதையாக இருக்கிறதே?

வாடை:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள் ஐயா. முழுப் பதில் என்னிடம் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்கிறேன். அவள் 'கடலும் அழுகிறது' என்று சொல்லவில்லை, கேட்கிறாள். கடல் பதில் சொல்லவும் இல்லை. இன்னொன்று, அந்தக் கேள்விக்கும் குரலுக்கும் நடுவில் அம்மூவனார் ஒரு துறையையே வைக்கிறார். வெள்ளாட்டுக் கூட்டம் பரவியதுபோல் மீன் தின்னும் குருகுகள் இருக்கின்றன, வெள்ளைப் பூத் தாழையை அலை அலைக்கிறது. குருகுகளுக்கு அவள் துக்கம் தெரியாது, அவை மீன் தின்கின்றன.

இதே நெய்தலில் குறுந்தொகை 6ஐ வைத்துப் பாருங்கள், பதுமனார் பாட்டு. நள்ளென்று யாமம், பேச்சு அடங்கிவிட்டது, உலகமெல்லாம் தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. உலகம் அவளைப் போல இல்லை என்பதில்தான் வலியே இருக்கிறது. அந்த உலகத்தையும் அழ வைத்திருந்தால் அவளுக்குத் துணை கிடைத்திருக்கும், 'ஓர் யான்' என்ற சொல்லுக்கு வேலை இருந்திருக்காது. நெய்தல் என்றால் இரங்கல் என்பது சரி. இரங்குவது ஆள்தான், நிலம் இல்லை.

இந்தப் பழக்கத்துக்குக் குற்றம் என்று பேர் வைத்தவர் ஆங்கில விமர்சகர் ரஸ்கின், 1856இல். அவரும் நிஜமான துக்கத்தில் மனம் நிலை தடுமாறும்போது இப்படித் தெரியும் என்பதை ஒத்துக்கொண்டவர்தான். உணர்ச்சி இல்லாமல், அலங்காரத்துக்காக வரவழைத்துக்கொள்வதைத்தான் அவர் தாங்கவில்லை.

கழிமுகம்:
வாடை அண்ணா, நீங்கள் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்று அம்மாவிடமும் கேட்டேன்.

மழை இல்லை. மார்கழிதான், ஆனால் அஸ்தி கரைத்த அன்று வெயில் நன்றாக அடித்தது. மேகத்தை நான்தான் போட்டிருக்கிறேன், எப்போது போட்டேன் என்றுகூடத் தெரியவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அது எப்படி உறுதியாகத் தெரியுமென்றால், அஸ்தியைக் கடல் பக்கம் போகட்டும் என்று விட்டோம், அது ஆற்றுப் பக்கம் உள்ளே போனது. அம்மா அதற்குத்தான் ரொம்ப அழுதாள். பெரியப்பா, "வத்துற நேரத்தில் வந்திருக்கணும்" என்றார். இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காசிமேட்டு அக்கா:
தம்பி, கவிதை இதுதான்.

வாடை:
ஆமாம். இப்போது வேலை சுலபம். முகமோ கண்ணீரோ இல்லாமல் செய்ய முடியாத வினைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள்: அழுகிறது, விம்மி, தலை குனிந்து. ஒவ்வொன்றுக்கும் பதிலாக அந்தப் பொருள் அன்று செய்தது என்ன என்று எழுதுங்கள். 'ஆறு விழுகிறது' அன்று பொய், ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. கொக்கு சேறு தெரியும் நேரத்தில் இரைக்காக நிற்கும். தண்ணீர் ஏறும்போது அங்கே இருந்ததா என்று யோசியுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். இருந்திருந்தாலும் 'என்னைப் போலவே' வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெயில் என்று தெரிந்ததும் 'இரக்கமில்லாத வெயில்' என்று எழுதத் தோன்றும். அதுவும் அதே பழக்கம்தான், திருப்பிப் போட்டது. வெயில் உங்களுக்கு எதிராகவும் இல்லை.

கழிமுகம்:
முயற்சி செய்தேன். கொக்கு நினைவில் இல்லை, எடுத்துவிட்டேன்.

அப்பாவைக் கரைத்த காலை
வெயில் நன்றாக அடித்தது.
தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.
கட்டிய படகுகள் நான்கும்
கடல் பக்கம் மூக்கை வைத்து நின்றன.
கடலுக்கென்று விட்டோம், அவர்
வலை போட்ட பக்கம் போனார்.
'வத்துற நேரத்தில் வந்திருக்கணும்'
என்றார் பெரியப்பா.
மத்தியானம் தண்ணீர் திரும்பியது.
படகுகளும் திரும்பின.

ஒற்றியூர் வாசி:
சாம்பல் படிந்த கழியில் அப்பாவின் சாம்பல். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கழிமுகம்:
அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. போட்டதும் அப்பா காணாமல் போய் மற்றதுதான் தெரிந்தது. இன்னொரு கவிதையாக எழுதுகிறேன்.

தமிழாசிரியர்:
முதலில் எழுதியதைவிட இது நன்று, மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடை, கடைசி வரியைப் பாருங்கள். 'படகுகளும் திரும்பின.' அப்பா திரும்பவில்லை என்பதைத்தானே அந்த 'உம்' சொல்கிறது? படகு மறுபடியும் இவர் துக்கத்துக்கு வேலை செய்கிறது. வாசலில் விரட்டியது கொல்லை வழியாக வந்துவிட்டது.

வாடை:
படகு தண்ணீருக்காகத் திரும்புகிறது, ஐயா. அப்பாவை நினைப்பது நாம்.

தமிழாசிரியர்:
அந்த வரியை அங்கே முடிவாக நிறுத்தி வைத்தது யார்? தண்ணீரா?

காசிமேட்டு அக்கா:
ஆசிரியர் கேட்பது நியாயம். 'உம்'மை எடுத்துப் படித்துப் பார்த்தேன்: 'படகுகள் திரும்பின.' எனக்கு இது போதும். ஆனால் தம்பி, உங்கள் அம்மாவுக்கு இரண்டையும் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு அங்கே நின்றவர் அவர்தான்.