மாடி கீசர் பாயிண்ட் சுடுகிறது: ரெண்டரை ஸ்கொயரா, நாலு ஸ்கொயரா? FRLS அவசியமா?

மாடிவீட்டுக்காரன்: மதுரையில் பத்து வருஷத்து வீடு. மாடி பாத்ரூமில் 3 கிலோவாட் கீசர், பக்கத்திலேயே வாஷிங் மெஷின். இரண்டுக்கும் டிபி பாக்ஸிலிருந்து ஒரே லைன், ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயர், நீளம் சுமார் 22 மீட்டர். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 16 ஆம்ப்ஸ் எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது. போன மாதம் எலக்ட்ரீஷியன் வந்து 32 போட்டார். இப்போது விழுவதில்லை. ஆனால் கீசர் சுவிட்ச் பிளேட் கை வைக்க முடியாமல் சுடுகிறது. புது ஒயர் இழுக்கலாம் என்றால் கடைக்காரர் FRLS எடுங்கள் என்கிறார். எது சரி?

கண்ணாடி டம்ளர்: FRLS சூடு தாங்கும் ஒயர். அதில் ரெண்டரை போட்டால் சாதா ஒயரில் நாலு போட்ட மாதிரி. காசு மிச்சம்.

பழையவீடு: எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயர் அலுமினியம், அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. நீங்களும் ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.

மாடிவீட்டுக்காரன்: இல்லைங்க, கீழே எதுவும் சுடுவதில்லை. மாடி பாயிண்ட் மட்டும்தான்.

ஈரோடு ஒயர்மேன்: முதல் வேலையாக அந்த 32-ஐக் கழற்றிவிட்டு 16 போடச் சொல்லுங்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, கீசரை அல்ல. கீசருக்கு 13 ஆம்ப்ஸ், மெஷின் தண்ணீர் சுட வைக்கும்போது இன்னொரு 8, 9. ஒன்றரை ஸ்கொயர் பைப்புக்குள் அதைத் தாங்காது என்றுதான் 16 விழுந்தது. 32 எம்சிபியோ 40 ஆம்ப்ஸ் போனாலும் சீக்கிரத்தில் விழாது. ஒயர் வெந்த பிறகுதான் தெரியும். மாற்றும்வரை இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள்.

டம்ளர் தம்பி சொன்னது சரியில்லை. சாதா FR ஒயர், FRLS இரண்டுமே பிவிசிதான், இரண்டுக்கும் 70 டிகிரிதான் எல்லை. அதனால் ஆம்ப்ஸ் ஒன்றும் கூடாது. FRLS தீப்பிடித்தால் புகை குறைவாக விடும், அவ்வளவுதான். ஹாலஜன் இல்லாத HFFR என்றால் அந்தப் புகையில் அமில வாயுவும் இருக்காது. வசதி இருந்தால் வாங்குங்கள், ஆனால் தடிமனைக் குறைக்க அதைச் சாக்காக வைக்காதீர்கள்.

இன்னொன்று. பிளேட் மட்டும் சுடுகிறது என்றால் ஒயர் மேல் மட்டும் பழி போட முடியாது. அந்த சுவிட்ச் பாக்ஸிலேயே மெஷினுக்கு இன்னொரு சாக்கெட் இருக்கிறதா? கீசர் மட்டும் ஓடும்போது அதில் வோல்டேஜ் பாருங்கள், டிபியிலும் பாருங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் ஆள் வைத்துப் பார்க்கவும்.

மாடிவீட்டுக்காரன்: 16 போட்டாயிற்று. பக்கத்து சாக்கெட் இருக்கிறது. மச்சினர் வந்து பார்த்தார். கீசரை நிறுத்தினால் இரண்டு இடத்திலும் 228. போட்டால் டிபியில் 225, மாடியில் 210.

ஈரோடு ஒயர்மேன்: அப்படியானால் வழியில் 15 வோல்ட் காணாமல் போகிறது. ஒன்றரை செம்பு மீட்டருக்கு 12 மில்லி ஓம் சொச்சம். போக வர 44 மீட்டருக்கு அரை ஓமைக் கொஞ்சம் தாண்டும். 210 வோல்டில் கீசர் இழுப்பது 12 ஆம்ப்ஸ். ஆக ஒயர் தின்பது 6, சூடேறினால் 7 வோல்ட். மிச்சம் 8 வோல்ட் ஏதோ ஒரு ஜாயிண்டில் போகிறது. 8-ஐ 12-ஆல் பெருக்கினால் 96 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் நாலை ஒரே இடத்தில் வைத்த மாதிரி. பிளேட் சுடாமல் என்ன செய்யும்? மெயினை ஆஃப் செய்துவிட்டு சுவிட்ச் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். நியூட்ரல் ஜாயிண்டையும் விடாதீர்கள்.

மாடிவீட்டுக்காரன்: பார்த்தோம். உள்ளே வரும் ஒயரும் மெஷினுக்குப் போகும் ஒயரும் ஒரே ஸ்குருவில். இன்சுலேஷன் பழுப்பாகி உதிர்ந்தது, செம்பு கருத்திருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்கியதும் மாடியில் 215. இன்னும் 10 குறைகிறதே?

ஈரோடு ஒயர்மேன்: ஒயர் கணக்கு 7, மிச்சம் 3. வழியில் ஜங்ஷன் பாக்ஸில் டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். எப்படியும் கீசருக்குத் தனி லைன் இழுங்கள், நடுவில் ஜாயிண்ட் இல்லாமல். ரெண்டரை ஸ்கொயரும் 16 எம்சிபியும் போதும், வழியில் குறைவது 4 வோல்ட்தான். மெஷின் பழைய லைனிலேயே இருக்கட்டும்.

கோவை சூப்பர்வைசர்: பைப் மொட்டை மாடித் தளத்துக்குள் போகிறதா? மதுரை வெயிலில் தளம் காய்ந்து கிடக்கும், கூட இரண்டு மூன்று சர்க்யூட் அதே பைப்பில் என்றால் ரெண்டரை நம்பிக்கையாக இருக்காது. நான் நாலுதான் போடுவேன்.

ஈரோடு ஒயர்மேன்: கீசர் அரை மணி நேரம் ஓடும், அதுவும் விடிகாலையில். அதற்கு நாலு எதற்கு? முக்கால் இஞ்ச் பைப்பில் ஏற்கெனவே கிடக்கும் ஒயரோடு அது ஏறினால்தானே.

மாடிவீட்டுக்காரன்: பைப் தளத்துக்குள்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங் விட்டுப் பார்க்கிறோம், எது ஏறுகிறது என்று.