கொம்பன் செல்லிக்கு எட்டு ஸ்லைடு

(கொழிஞ்சாம்பாறை வீட்டுக் குழு, இரவு 8 மணி)

நிவேதா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம்ம பெரியப்பாவிடம் தென்னையைக் குடையும் கொம்பன் செல்லி வண்டு பற்றி 40 நிமிஷம் பேட்டி எடுத்தேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரு கேள்வி, கீழே பதில். நாளைக் காலையில் இன்ஸ்டாவில் ஏற்றணும். 12 ஸ்லைடு வந்திருக்கு.

பிரவீன்: 10க்கு மேல் எடுக்காது அக்கா. அதோட சதுரமாத்தான் போடணும், இல்லைன்னா ஓரத்தை வெட்டிடும்.

செந்தில் சித்தப்பா: 10 பழைய கணக்குடா, 2024இல் 20 ஆக்கிவிட்டார்கள். சதுரமும் கட்டாயமில்லை. 1080க்கு 1350 என்று உயரமாக வைத்தால் எழுத்துக்கு இடம் கூடும். ஓரத்தை வெட்டும் என்றது பாதி சரி. நம்ம பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும்போது முகப்பு ஸ்லைடுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் போகும். அங்கே எழுத்தை ஓரத்தில் ஒட்டாமல் வைத்தால் போதும். முதல் ஸ்லைடு என்ன அளவோ மற்றதையும் அதே அளவுக்கு வெட்டும், அதனால் எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும்.

ராஜம்மா அத்தை: எங்க தென்னங்கன்னுக்கு மூணு வயசு. ஓலை விரிஞ்சா கத்தரி போட்ட மாதிரி இருக்கு. அதுக்கு என்ன மருந்துன்னு யாராவது சொல்லுங்க.

நிவேதா: அத்தை, அதுதான் 4வது ஸ்லைடு!
[படம்]
கேள்வி: செல்லியை எப்படித் தடுப்பது?
பதில்: மூன்று பாச்சை உருண்டைகளை மட்டை இடுக்குகளில் வையுங்கள். 45 நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பெரியப்பா: நான் இப்படியா சொன்னேன்? சின்னக் கன்னுக்கு மட்டும் என்று சொன்னேனே. உருண்டையை வைத்து மேலே மணல் போட்டு மூடணும் என்றும் சொன்னேன். இதைப் படிப்பவன் 40 அடி மரத்துக்கு ஆளை ஏற்றிவிடுவான்.

நிவேதா: ஐயோ. நீங்க சொன்ன பதில் நூறு வார்த்தைக்கு மேல வந்தது பெரியப்பா, அதான் சுருக்கினேன்.

செந்தில் சித்தப்பா: சுருக்கும்போது முதலில் பறிபோவது ‘மட்டும்’, ‘ஆனால்’, ‘என்றால்’ இந்த மூன்றும்தான். அச்சகத்தில் இருந்தபோது நானும் இதே தப்பைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். இங்கே இன்னொரு ஆபத்து, யாராவது அந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். முன்னால் என்ன இருந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் நிபந்தனையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடு. பார்:

கேள்வி: மூன்று வயதுக் கன்றைச் செல்லி குடைகிறது. என்ன செய்யலாம்?
பதில்: நடுக்குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் மூன்று பாச்சை உருண்டைகளை வைத்து மணலால் மூடுங்கள். 45 நாளுக்கு ஒரு முறை திரும்ப வையுங்கள். இது சின்னக் கன்றுக்கு மட்டும்.

ஒரு ஸ்லைடுக்கு இவ்வளவு போதும். அதைவிட நீண்டால் எழுத்தைச் சின்னதாக்காதே, கேள்வியை இரண்டாக உடை.

பெரியப்பா: இது சரி. பெரிய மரத்துக்குக் குப்பைக்குழிதான் பதில். செல்லி முட்டையிடுவது அங்கே. குழியைக் கிளறிப் புழுவை எடுக்கணும், புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலக்கணும். அதை நான் முதலிலேயே சொன்னேன், நீ 11வது ஸ்லைடுக்குத் தள்ளிவிட்டாய்.

நிவேதா: கேள்விகளை முன்பின் மாற்றலாமா சித்தப்பா? அவர் பேசிய வரிசை அது இல்லையே.

செந்தில் சித்தப்பா: மாற்றலாம், ஒரு பதில் இன்னொன்றைச் சாராமல் இருந்தால். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற 2வது ஸ்லைடைத் தூக்கு. பெரியப்பா யார் என்று முகப்பில் ஒரு வரி போதும். முகப்பைத் தாண்டிப் போனவர்களுக்குச் சில நேரம் இன்ஸ்டா 2வதைத்தான் காட்டும், அங்கே குப்பைக்குழி இருக்கட்டும். சுற்றி வளைத்துச் சொன்ன மூன்றையும் எடுத்தால் எட்டில் முடியும்.

பிரவீன்: அக்கா, 7வதில் ‘கொம்பன்’ உடைஞ்சிருக்கு. கொம்பு தனியா ஒரு பக்கம் நிக்குது 😂

செந்தில் சித்தப்பா: கொம்பனுக்கே கொம்பு போச்சா! எழுத்துருவை மாற்று. செயலியில் பார்க்காதே, படமாகச் சேமித்த பிறகு கைபேசியில் பார்.

நிவேதா: தப்பிருந்தா ஏத்தின பிறகு மாத்திக்கலாமே?

செந்தில் சித்தப்பா: கீழே எழுதும் குறிப்பைத் திருத்தலாம். ஸ்லைடை நீக்கலாம், அதே இடத்தில் வேறு படம் வைக்க முடியாது. அதனால் எட்டையும் இன்று இரவே பெரியப்பாவுக்கு அனுப்பு. ‘ஸ்டைல் எப்படி’ என்று கேட்காதே, ‘நீங்க சொன்னதுதானா’ என்று மட்டும் கேள்.

பெரியப்பா: எனக்கு ஒரு குறை. நான் ‘கன்னு’ என்றேன், நீங்க ‘கன்று’ ஆக்கிவிட்டீர்கள்.

பிரவீன்: ‘கன்னு’தான் நல்லா இருக்கு.

செந்தில் சித்தப்பா: எழுத்தில் ‘கன்று’தான்.

நிவேதா: இது ஓயாது. மலையாளத்திலும் வேணும்னு பக்கத்து வீட்டு சேட்டன் கேட்டார். தனியாப் போடலாமா, ஒரே ஸ்லைடில் இரண்டு மொழியுமா?

செந்தில் சித்தப்பா: தனியா. ஒரே ஸ்லைடில் போட்டால் இரண்டையுமே படிக்க முடியாது.

பிரவீன்: அப்போ லைக் பிரிஞ்சு போயிடும்.

ராஜம்மா அத்தை: இப்ப நான் உருண்டை வைக்கணுமா, குழியைக் கிளறணுமா?

பெரியப்பா: இரண்டும். காலையில் கிளறு. வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட தடித்த புழு இருக்கும்.

நிவேதா: அத்தை, கொல்லும் முன்னாடி ஒரு போட்டோ. வெயில் படும்படி எடுங்க, 2வது ஸ்லைடுக்கு வேணும்.